காணாமல் போன ஆறு உருண்டைகள்: துணிக்குக் காவல் அந்துருண்டையா, வேறு வழியா?

போன மாதம் அக்காவும் நானும் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்துகொண்டிருந்தோம். தம்பிக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. அக்கா தன் பிள்ளைகளின் பழைய துணிகளையும் ஒரு சின்னக் கம்பளிப் போர்வையையும் பல வருடங்களாகப் பத்திரமாக வைத்திருக்கிறாள். அவற்றை எடுத்துக் கொடுக்கலாம் என்று திட்டம். கதவைத் திறந்ததும் அந்துருண்டை நெடி மூக்கில் ஏறியது. துணிகளுக்கு நடுவே ஒரு வலைப்பை கிடந்தது. ஆறு மாதம் முன்பு ஆறு உருண்டை போட்டுவைத்த பை. இப்போது உள்ளே ஒன்றுமில்லை.

"பாரு, தீர்ந்தேபோச்சு. புதுசா ஒரு பாக்கெட் வாங்கிப் போடணும்" என்றாள் அக்கா.

"எங்கக்கா போச்சு அது?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய், அன்று சாயங்காலம் முழுக்க நாங்கள் அலமாரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். உருண்டையைத் தொடர்வதா, வேறு எதையாவது வைப்பதா என்று முடிவு செய்ய நாங்கள் யோசித்த வழியிலேயே இதை எழுதுகிறேன்.

உருண்டை எங்கே போகிறது

அந்துருண்டை, பாச்சா உருண்டை, ரசகற்பூரம் என்று பல பெயர்களில் சொன்னாலும், அந்த வெள்ளை உருண்டை பெரும்பாலும் நாப்தலின்தான். இது நிலக்கரித் தாரிலிருந்தும் பெட்ரோலியத்திலிருந்தும் பிரித்தெடுக்கப்படும் ஒரு வேதிப்பொருள். இது உருகுவதற்கு 80 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் உருகாமலேயே, சாதாரண அறை வெப்பத்தில், திடநிலையிலிருந்து நேராக ஆவியாகும். பதங்கமாதல் என்று பள்ளியில் படித்திருப்போம். உருண்டை "கரைவது" என்று நாம் சொல்வது இதைத்தான். துணியில் தங்கிய கொஞ்சத்தைத் தவிர, மீதி எல்லாம் அலமாரியின் இடுக்கு வழியாக அறைக்குள் வந்து, அறையில் இருந்தவர்களின் மூச்சில் கலந்து, அப்புறம் ஜன்னல் வழியாக வெளியே போயிருக்கிறது.

ஒரு தாளை எடுத்து உத்தேசமாகக் கணக்குப் போட்டோம். ஓர் உருண்டை 4 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஆறு உருண்டை 24 கிராம். 180 நாளில் தீர்ந்திருக்கிறது என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 133 மில்லிகிராம். அறை கிட்டத்தட்ட 30 கன மீட்டர். ஜன்னல்களை மூடிவைத்தால் அறைக் காற்றில் பாதி ஒரு மணி நேரத்தில் மாறும் என்று எடுத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 360 கன மீட்டர் காற்று அந்த அறை வழியாகப் போகிறது. 133-ஐ 360-ஆல் வகுத்தால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 0.37 மில்லிகிராம் நாப்தலின்.

உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வீட்டுக்குள்ளிருக்கும் காற்றுக்கான வழிகாட்டி அளவுகளை வெளியிட்டது. அதில் நாப்தலினுக்குச் சொல்லப்பட்ட அளவு, ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 0.01 மில்லிகிராம். எங்கள் கணக்கு அதைவிட 37 மடங்கு. ஜன்னல்களைத் திறந்துவைத்துக் காற்றோட்டத்தை ஐந்து மடங்காக்கினாலும் ஏழு மடங்கு மிச்சம் இருக்கிறது. கணக்கில் இரண்டு பங்கு தவறு இருக்கலாம், மூன்று பங்குகூட இருக்கலாம். முடிவு மாறாது.

இதைவிட எனக்கு உறைத்த விஷயம் வேறு. நாப்தலின் நெடி மூக்குக்குத் தெரிய ஆரம்பிக்கும் அளவு என்று பரவலாகக் குறிப்பிடப்படுவது ஒரு கன மீட்டருக்கு 0.4 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. சிலருக்கு மூக்கு இதைவிடக் கூர்மை. ஆனாலும் பொதுவாக, "லேசா வாசம் வருது" என்று சொல்லும்போதே வழிகாட்டி அளவைப் பல மடங்கு தாண்டியிருப்போம். போதாக்குறைக்கு மூக்கு பழகிவிடும். அந்த அறையிலேயே தூங்கி எழும் அக்காவுக்கு நெடியே தெரியவில்லை. வெளியிலிருந்து வந்த எனக்குத்தான் அடித்தது.

அப்படியானால் பூச்சியாவது சாகிறதா?

இங்கேதான் அந்துருண்டையின் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. இது புகைமூட்டம் போல வேலை செய்யும் மருந்து. ஆவி அடர்த்தியாகத் தேங்கி நின்று, பல நாட்கள் அப்படியே இருந்தால்தான் புழு சாகும். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நாப்தலின் ஆவி அதிகபட்சம் அரை கிராமுக்குச் சற்று மேல். காற்றே புகாத ஒரு பெட்டியில் ஓர் உருண்டை போட்டால், காற்றும் துணியும் ஏற்கிற அளவுக்குக் கொஞ்சம் ஆவியாகும், அப்புறம் நின்றுவிடும். அதற்குமேல் உருண்டை சிறுக்காது.

ஆக, உருண்டை தொடர்ந்து சிறுத்துக்கொண்டே போகிறது என்றால் ஆவி வெளியே போகிறது. ஆவி வெளியே போகிறது என்றால் உள்ளே தேவையான அடர்த்தி சேரவில்லை. அறையில் நெடி அடிக்கிற அலமாரியில் பூச்சிக்கு முழு டோஸ் கிடைப்பதில்லை, வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது. கதவு இடுக்கு உள்ள சாதாரண மர அலமாரியிலும் இரும்பு பீரோவிலும் நடப்பது இதுதான். "வாசம் இருந்தாத்தானே பூச்சி வராது" என்று அக்கா சொன்னதற்கு நேர் எதிர்.

யாருக்கு ஆபத்து அதிகம்

நல்ல ஆரோக்கியமுள்ள பெரியவர்களுக்கு நெடி அதிகமானால் தலைவலி, குமட்டல், கண் எரிச்சல் வரலாம். நீண்ட கால அபாயம் தனி. எலிகளில் மூக்குப் புற்றுகளும் சுண்டெலிகளில் நுரையீரல் கட்டிகளும் வந்ததன் அடிப்படையில், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை நாப்தலினை 2002-இல் "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் சேர்த்தது. இந்தப் பிரிவின் பொருள் "சாத்தியம் இருக்கிறது" என்பதுதான், "நிரூபணமாகிவிட்டது" என்பதல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாப்தலின் உருண்டை விற்பனை 2008-இல் நின்றுபோனது.

எங்கள் விஷயத்தில் முக்கியமானது வேறொன்று. நாப்தலின் உடலுக்குள் போனபின் உடைந்து உருவாகும் பொருட்கள் சிவப்பணுக்களைத் தாக்கும். அந்தத் தாக்குதலைச் சமாளிக்கச் சிவப்பணுவில் ஜி6பிடி என்று ஒரு நொதி வேண்டும். இந்த நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் உலகில் சுமார் 40 கோடிப் பேர். பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது, ஏனென்றால் சாதாரண நாட்களில் எந்தத் தொந்தரவும் இருக்காது. நாப்தலின் போன்ற ஒன்று உள்ளே போகும்போதுதான் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும்.

பிறந்த குழந்தைக்கு இது இரட்டை அடி. சிவப்பணு உடைந்தால் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி சேரும். அதை வெளியேற்றும் அளவுக்குப் பச்சைக்குழந்தையின் கல்லீரல் இன்னும் தேறியிருக்காது. அளவு மீறினால் நிறமி மூளையில் படிந்து நிரந்தரச் சேதம் வரும். அந்துருண்டையோடு வைத்திருந்த போர்வையிலும் உடையிலும் சுற்றப்பட்ட குழந்தைகளுக்கு இப்படி நடந்தது மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. குழந்தை உருண்டையை வாயில் போட வேண்டும் என்றில்லை, துணியில் தங்கிய ஆவியே போதும். நாப்தலின் எண்ணெயில் கரையும் பொருள். ஆகவே எண்ணெய் தடவிய தோல் அதை இன்னும் சுலபமாக உறிஞ்சும்.

அறிகுறி உடனே தெரியாது, ஓரிரு நாள் கழித்துத்தான் வெளிப்படும். குழந்தை சோர்ந்து கிடக்கும், பால் குடிக்க மறுக்கும், வெளிறிப்போகும், கண்ணும் தோலும் மஞ்சளாகும், சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகும். இதில் எது தென்பட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனதும் "அந்துருண்டை வைத்த துணி போட்டோம்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். மருத்துவர் தானாக இதைக் கேட்கவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் இன்னோர் ஆபத்து, உருண்டை மிட்டாய் மாதிரி இருப்பது. நொதிக் குறைவுள்ள குழந்தைக்கு ஒரே ஓர் உருண்டை போதும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பால் கொடுக்கவும் கூடாது, கொழுப்பு அதை வேகமாக உடலில் ஏற்றும். மிச்ச உருண்டையையோ அட்டையையோ கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

எந்தப் பூச்சிக்குப் பயப்படுகிறோம்

மாற்று வழிகளுக்குப் போகுமுன் இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை குறைந்துவிடும். துணியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழுவும், கம்பள வண்டு என்கிற சின்ன வண்டின் புழுவும். பறக்கிற அந்துக்கு வாயே வேலை செய்யாது, அது எதையும் தின்பதில்லை. புழுவுக்குத் தேவை கெராட்டின் என்னும் புரதம். அது கம்பளி, இறகு, ரோமத்தில் இருக்கிறது. பட்டு வேறு புரதம்தான், ஆனால் அதுவும் தப்பாது. பருத்தியையும் செயற்கை இழையையும் அது பொதுவாகச் சீண்டாது. வியர்வைக் கறையோ சாப்பாட்டுக் கறையோ இருந்தால் மட்டும் அந்த இடத்தைக் கடிக்கும்.

அலமாரியில் இருந்த துணிகளைப் பிரித்தோம். முக்கால்வாசி பருத்தி. அவற்றுக்கு இத்தனை வருடம் காவல் வைத்ததே வீண். பருத்தியில், அதுவும் கஞ்சி போட்ட துணியில், மேற்பரப்பு சுரண்டியது போல இருந்தால் அது வெள்ளிமீன் பூச்சியின் வேலை. மாவுச்சத்துதான் அதற்கு உணவு, ஈரம்தான் அதற்கு வீடு. கஞ்சி போடாமல் மடித்து, அலமாரியை ஈரமில்லாமல் வைத்தால் அது தங்காது. மழைக்காலத்தில் வரும் பூஞ்சை வாடையும் ஈரத்தின் வேலைதான். அந்துருண்டை அந்த வாடையை மூடி மறைக்கும், பூஞ்சையை நிறுத்தாது.

ஆகக் காவல் தேவைப்பட்டது கம்பளிக்கும் பட்டுக்கும் மட்டும்.

மாற்று என்று சொல்லப்படுபவை

முதலில் "வேறு வகை உருண்டை". கடைகளில் நாப்தலின் இல்லாதது என்று கிடைப்பதில் பல, பாராடைகுளோரோபென்சீன் என்ற பொருள். கழிவறையில் தொங்கவிடும் வாசனைக் கட்டிகளிலும் இது உண்டு. நாப்தலினைவிட வேகமாக ஆவியாகும். இதுவும் அதே 2பி பிரிவு. சில வகைப் பிளாஸ்டிக் பொத்தான்களை இளக்கிவிடும். சிவப்பணு விஷயத்தில் நாப்தலின் அளவுக்கு மோசமில்லை என்பது மட்டும் இதன் பக்கம். நாப்தலினுக்குப் பதில் இதை வாங்குவது எனக்கு ஒரு முன்னேற்றமாகத் தெரியவில்லை. பழைய பாக்கெட்டில் மிச்சம் இருக்கிறது என்று இரண்டையும் ஒன்றாகப் போடவே கூடாது. கலந்தால் வெப்பமான நாளில் திரவமாக இளகித் துணியில் கறை விடும்.

பெயர் இல்லாத உருண்டை கையில் இருந்தால் எது என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை உண்டு. ஒரு டம்ளர் சாதாரணத் தண்ணீரில் போட வேண்டும். மிதந்தால் கற்பூரம். மூழ்கினால், இன்னொரு டம்ளரில் உப்பு இனிமேல் கரையாது என்கிற வரை கரைத்து அதில் போட வேண்டும். அங்கே மிதந்தால் நாப்தலின், அங்கேயும் மூழ்கினால் பாராடைகுளோரோபென்சீன். அந்த டம்ளர்களை மறுபடி குடிக்கப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

அப்புறம் கற்பூரம். "அது இயற்கைதானே" என்றாள் அக்கா. இயற்கையாகக் கிடைப்பது உண்மைதான், இன்று விற்பதில் பெரும்பங்கு செயற்கை முறையில் தயாராவதும் உண்மைதான். எப்படி வந்தாலும் பொருள் ஒன்றே. குழந்தை ஒரு வில்லையை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். நாப்தலினாவது அறிகுறி காட்ட நேரம் எடுக்கும், கற்பூரம் எடுக்காது. ஜி6பிடி குறைவு உள்ளவர்களுக்கு இதையும் தவிர்க்கச் சொல்வார்கள். இதுவும் மூடிய பெட்டியில் மட்டுமே ஓரளவு வேலை செய்கிற ஆவி. ஆக நாப்தலினின் அதே குறை, பெயர் மட்டும் வேறு.

காய்ந்த வேப்பிலை, லவங்கம், லாவெண்டர் பூ, சிடார் மரக்கட்டை எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைக்கலாம். இவற்றில் சிடார் எண்ணெய்க்கு மட்டும் சற்று வலு உண்டு. அதுவும் முட்டையிலிருந்து வந்த இளம்புழுவைத்தான் கொல்லும், வளர்ந்த புழுவை ஒன்றும் செய்யாது. எண்ணெய் ஆவியாகிப் போனதும் கட்டை வெறும் கட்டைதான். உப்புத்தாளால் தேய்த்தால் கொஞ்ச காலம் மறுபடி மணக்கும். இலைகளும் பூக்களும் அந்துவைக் கொஞ்சம் தயங்க வைக்கலாம். ஏற்கெனவே துணியில் முட்டை இருந்தால் அவற்றால் பயனில்லை. காய்ந்த இலையையும் பூவையும் தின்ன வேறு வண்டுகள் இருக்கின்றன என்பதை யாரும் சொல்வதில்லை. இரண்டு வருடம் மறந்துபோன லாவெண்டர் பையைத் திறந்து பார்த்தால் உள்ளே பொடியும் ஓட்டையும்தான் இருக்கும். மணம் பிடிக்கும் என்றால் வையுங்கள், துணியை நேராகத் தொடாதபடி ஒரு துணிப்பையில். காவலாக எண்ணாதீர்கள்.

நெடியே இல்லாத தாள்களும் தொங்கட்டான்களும் கிடைக்கின்றன. டிரான்ஸ்புளுத்ரின் போன்ற, கொசு மருந்தில் வருகிற வகை மருந்து ஏற்றியவை. மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்யும் என்பதால் சாதாரண அலமாரியில் உருண்டையைவிடப் பலன் தரும். வாசனை இல்லை என்பதால் மருந்து இல்லை என்று ஆகிவிடாது. புழு ஏற்கெனவே பரவிவிட்ட அலமாரியில் ஒரு பருவத்துக்கு வைக்கலாம். பச்சைக்குழந்தையின் துணி இருக்கும் அலமாரியில் நான் வைக்க மாட்டேன்.

இனி நான் சிபாரிசு செய்யும் வழி. இதில் வாங்க வேண்டியது அதிகமில்லை, வேலைதான் அதிகம். சுத்தம் செய்து, இருக்கும் முட்டையைக் கொன்று, புதிதாக எதுவும் நுழைய முடியாதபடி மூடிவைப்பது. உருண்டை ஆவியால் செய்ய முயல்வதை இது சுவரால் செய்கிறது.

சுத்தம் ஏன் முதலில்? தாய் அந்து முட்டையிடத் தேடுவது வியர்வையும் கறையும் உள்ள கம்பளியை. ஒரு தடவை போட்டுவிட்டு "அழுக்காகலையே" என்று மடித்துவைக்கிற சால்வைதான் முதலில் ஓட்டையாகும். ஒரு பெண் அந்து சாதாரணமாக 40, 50 முட்டை இடும். துணி மடிப்பில் அவை கண்ணுக்குத் தெரியாது. துவைக்க முடியாததை உலர்சலவைக்குக் கொடுக்கலாம், அதில் முட்டை, புழு எல்லாமே செத்துவிடும். பருத்தியை 60 டிகிரி நீரில் துவைத்தால் அதே பலன். கம்பளியை அந்தச் சூட்டில் துவைத்தால் குழந்தைச் சட்டை பொம்மைச் சட்டை ஆகிவிடும், ஆகவே அதற்கு இளம் சூடு மட்டும். ஆனால் இளம் சூட்டில் முட்டை சாகாது.

அதற்குத்தான் குளிர். அருங்காட்சியகங்களில் பழந்துணிகளைக் காப்பாற்ற நச்சு ஆவிகளுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் முறை இது. நன்றாகக் காய்ந்த கம்பளியைப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, வாயை இறுக்கி ஒட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த துணியில் படிந்து நனைத்துவிடும், அப்புறம் பூஞ்சைக்கு அழைப்பு.

இதில் பலரும் தவறுவது பெட்டியின் வெப்பநிலையில். குளிர்பதனப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஐஸ் அறை பல வீடுகளில் மைனஸ் 18-ஐத் தொடவே தொடாது. தனிக்கதவுள்ள உறைபெட்டியில்தான் வரும். ஒரு குளிர்ப் பெட்டி வெப்பமானியை உள்ளே ஓர் இரவு வைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம். ஒரே நேரத்தில் அடைத்துத் திணித்தால் நடுவில் உள்ள துணிக்குக் குளிர் போய்ச் சேர நாட்களாகும். ஆகவே இரண்டு, மூன்று துணியாக, தட்டையாக.

கடைசியாக, மூடிவைப்பது. ரப்பர் விளிம்புள்ள மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி அல்லது நல்ல ஜிப் பை. அந்துப் புழு பிறந்தவுடன் நூல் பருமன்தான் இருக்கும், ஆகவே "கிட்டத்தட்ட மூடியது" போதாது. உள்ளே போகும் துணி துளி ஈரமும் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். இந்த வழியின் ஒரே பெரிய பலவீனம் ஈரம்தான். கொஞ்சம் ஈரத்தோடு மூடினால் அந்து வராது, பூஞ்சை வரும். ஒரு பெட்டிக்கு ஒன்றிரண்டு சிலிகா ஜெல் பை போட்டால் போதும். நிறம் மாறும் வகையில் நீலத்தைத் தவிர்த்து ஆரஞ்சை எடுங்கள். நீல நிறத்துக்குக் காரணமான கோபால்ட் உப்பும் நல்லதல்ல.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருடத்துக்கு ஒரு தடவை உதறி வெயிலில் போடுவதில் முக்கால் பலன் வெயிலால் அல்ல, உதறலால். புழு வெளிச்சத்தை விட்டு ஓடும், தூரிகையால் தேய்த்தால் முட்டை உதிரும். முட்டை சாகவேண்டும் என்றால் துணியின் உள்மடிப்பு வரை 55 டிகிரி ஏறி ஒரு மணி நேரம் நிற்க வேண்டும், கொடியில் தொங்கும் துணியில் அது நடக்காது. பட்டின் சாயமோ அதற்குள் வெளுத்துவிடும். பட்டுக்கு நிழல் காற்றே நல்லது.

கடைசியில் நாங்கள் செய்தது

அக்காவின் துணிகளை மூன்று குவியலாகப் போட்டோம். பருத்தி சாதாரண அலமாரிக்கே திரும்பியது, எந்தக் காவலும் இல்லாமல். பட்டைத் துடைத்து, நிழலில் காற்றாடவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். மடிப்பு ஒரே இடத்தில் விழுந்தால் இழை முறியும் என்பதால் சில மாதத்துக்கு ஒரு முறை மாற்றி மடிப்பது அக்கா பொறுப்பு. கம்பளிச் சால்வைகள் உறைபெட்டி வழியாகப் பெட்டிக்குப் போயின.

குழந்தைத் துணிதான் வாக்குவாதம். "ரெண்டு தடவ துவைச்சாப் போதாதா?" என்று அக்கா கேட்டாள். நாப்தலின் தண்ணீரில் கரைவதே அரிது, லிட்டருக்கு 30 மில்லிகிராம் மாதிரிதான். ஆகவே அதை விரட்டுவது முக்கியமாகக் காற்றும் சூடும், துவையல் அதற்கு அடுத்தபடி. பருத்திச் சட்டைகளை ஒரு வாரம் திறந்த வெளியில் தொங்கவிட்டு, அப்புறம் 60 டிகிரியில் துவைத்து, மறுபடி சில நாள் தொங்கவிட்டோம். சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்தோம். காய்ந்த சட்டையை மூடி உள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு, ஒரு நாள் சூடான இடத்தில் வைத்துவிட்டு, அந்த வீட்டில் வசிக்காத ஒருவரை மூடியைத் திறந்து முகரச் சொன்னோம். முதல் தடவை லேசாக அடித்தது. மூன்றாவது தடவையில் ஒன்றும் தெரியவில்லை.

ஆனாலும் மூக்குக்குத் தெரியாதது இல்லாதது ஆகிவிடாது என்று மேலே கணக்குப் போட்டவன் நான்தான். அதனால் அந்தச் சட்டைகளைப் பிறந்த குழந்தைக்குக் கொடுக்கவில்லை. அக்காவின் மூத்த பேத்திக்குப் பொம்மை உடையாகப் போயின சில, மற்றவை துடைக்கும் துணியாயின. கம்பளிப் போர்வை இன்னும் கொடியில் தொங்குகிறது. கம்பளி நெடியை அவ்வளவு சீக்கிரம் விடாது. அக்காவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

காலியான மேல்தட்டையும் விட்டுவிடவில்லை. மரம் ஆவியை உறிஞ்சி வைத்திருந்து மெதுவாகத் திருப்பித் தரும். இடுக்குகளைத் தூசு உறிஞ்சியால் இழுத்து, சோப்பு நீரில் துடைத்து, கதவைத் திறந்துபோட்டு, அறையின் ஜன்னலையும் திறந்து இரண்டு வாரம் அப்படியே விட்டோம். பழைய பாக்கெட்டில் மிச்சமிருந்த உருண்டைகளைக் கழிவறையில் போடவில்லை, எரிக்கவும் இல்லை. மூடி இறுகும் கண்ணாடிக் குப்பியில் போட்டு, பெயர் எழுதி, அபாயக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுக்க எடுத்துவைத்திருக்கிறோம்.

அலமாரிக்குள் இப்போது இருப்பது அந்துப்பூச்சிக்கான ஓர் ஒட்டுப்பொறி மட்டும். பெண் அந்துவின் மணத்தைக் காட்டி ஆண் அந்தைப் பிடிக்கும் அட்டை அது. பூச்சியை ஒழிக்காது, ஏனென்றால் முட்டையிடும் பெண் அதில் மாட்டாது. கம்பள வண்டும் மாட்டாது. ஆனால் அந்து வந்திருக்கிறதா என்று சொல்லிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். போட்ட தேதியை அக்கா பேனாவால் அட்டையின் ஓரத்தில் எழுதியிருக்கிறாள். நேற்று வரை ஒன்றும் ஒட்டவில்லை.